கருவாட்டுத் திடலுக்கு ஏழு நிமிடம்

ஏழு நிமிடத்தில் பேசி முடியுங்கள் என்று பஞ்சநாதனிடம் சொன்னால், ஏழு நிமிடமும் அவர் ‘அவர்களே’ போடுவார். முப்பது வருடம் மேடை ஏறிய மனிதர். நாகூருக்குத் தெற்கே பனைமேட்டுக்குப்பத்தில் பிறந்து, பத்து வயதில் அப்பாவோடு கட்டுமரம் ஏறி, இருபது வயதில் கரைவேட்டி கட்டியவர். எந்தக் கழகம் என்று கேட்காதீர்கள். இரண்டிலும் இருந்திருக்கிறார்; இரண்டும் அவருக்கு ஒரு வார்டு செயலாளர் பதவிகூடத் தரவில்லை. தலைவர் வருகிறவரை கூட்டம் கலையாமல் பிடித்து வைக்கிற பேச்சாளர் அவர். தலைவரின் கார் திருவாரூர் தாண்டியது என்று செய்தி வந்தால் பஞ்சநாதனை மைக் முன்னால் நிறுத்துவார்கள். கார் வந்து நின்றதும் பாதி வாக்கியத்தில் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள்.

நான் ஜெய்னுலாபுதீன். நாகூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தர்கா கந்தூரிக்கு வரும் கூட்டத்தையும் எடுப்பேன், கட்சிக் கூட்டத்தையும் எடுப்பேன். அதனால் பஞ்சநாதன் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்த காட்சிகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. அறுபது வயதில் அவர் கட்சியை விட்டு ஒதுங்கினார். ஒதுங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு தினமும் சாயங்காலம் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, பேசாமல் எழுந்து போவார். பேசிப் பேசியே காலம் தள்ளிய மனிதர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவனுக்குத்தான் பாரம்.

ஒருநாள் அவரே சொன்னார். “பாய், நம்ம திடலைப் பத்தி ஒரு படம் எடுக்கணும். சின்னதா. சினிமா இல்ல, நெசமா நடக்கறத எடுக்கறது.”

“எதுக்குண்ணே? சுனாமிக்கு அப்புறம் ஊர்ல மனுசன விட கேமரா ஜாஸ்தியாயிடுச்சு. எடுத்துட்டுப் போனவன் ஒருத்தனாவது காட்டினானா?”

“அதுக்குத்தான் நாம எடுக்கணுங்கறேன்.”

திடல் என்றால் கருவாட்டுத் திடல். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று ஏக்கர் மணல். புறம்போக்குதான், ஆனாலும் யார் நினைவுக்கும் எட்டாத காலத்திலிருந்து ஊர்ப் பெண்கள் அங்கேதான் மீன் காய வைத்தார்கள். தொண்ணூற்று மூன்றில் ஊருக்கு மேற்கே இறால் பண்ணை வந்தது. குத்தகைக்காரர்களோடு வழக்காடிச் சலித்த மிராசுகள் வயலை ஏக்கர் ஏக்கராகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். குட்டை வெட்டியாயிற்று, குட்டைக்குக் கடல் தண்ணீர் வேண்டும். கடலுக்கும் குட்டைக்கும் நேர்வழி திடல் வழியாகத்தான். குழாய், மோட்டார் கொட்டகை, சுற்றிலும் முள்கம்பி. அதற்கு ஊர் ‘ஆட்சேபணை இல்லை’ என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தால்தான் தாலுகா ஆபீஸில் குத்தகை தருவார்கள். ஊர் போட்டுக் கொடுத்தது.

எங்கள் படம் அம்சத்தைப் பற்றியது. பஞ்சநாதனின் சித்தப்பா மகள். திடல் இருந்த காலத்தில் நெத்திலியும் சாளையும் காய வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஒரத்தநாடு சந்தையில் விற்று வருவாள். இப்போது இறால் கம்பெனி வேன் ஏறிப் போய், ஐஸில் கிடக்கும் இறாலுக்குத் தலை கிள்ளுகிறாள். விரல் நுனியில் தோல் இல்லை. அவள் புருஷன் கடலுக்குப் போவதை விட்டு அதே பண்ணையில் வாட்ச்மேன் ஆகிவிட்டான். மனைவி மீன் காய வைத்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனைவி உட்பட யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் அறக்கட்டளை குறும் ஆவணப்படங்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. முதலில் எழுத்து: படத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டும், அப்புறம் ஒரு பக்கத்தில் கதை, எப்படி எடுக்கப்போகிறோம் என்று நான்கு பக்கம், செலவுத் திட்டம், படத்தில் வருகிறவரின் சம்மதக் கடிதம். ஒரு வரி எழுத எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. பஞ்சநாதன் எழுதிய முதல் வரி ஒன்றரைப் பக்கம் வந்தது. அது கலெக்டருக்கு எழுதிய மனு. ‘ஆகவே சமூகம் அவர்கள் தயவுகூர்ந்து எங்கள் ஊருக்குப் படகுத்துறையும் ஐஸ் பிளாண்டும்’ என்று முடிந்திருந்தது.

“அண்ணே, அவங்க ஐஸ் பிளாண்ட் குடுக்க மாட்டாங்க. படம் எடுக்கத்தான் காசு குடுப்பாங்க.”

“கேட்டு வைப்போம் பாய். கேக்கறதுல என்ன இருக்கு?”

கடைசியில் இப்படி நின்றது: ‘தான் கருவாடு காய வைத்த மணல் தன் கணவன் காவல் காக்கும் பண்ணையானபின், குத்தகை முடிகிற இந்த வருடம் அதைத் திருப்பிக் கேட்க அம்சம் ஊர்க்கூட்டத்துக்குப் போகிறாள்.’ பதினைந்து வருடக் குத்தகை வைகாசியில் முடிகிறது. கம்பெனி நீட்டித்துக் கேட்கிறது. சித்திரையில் ஊர் கூடி முடிவு செய்யும். எங்கள் ஊர்ப்பக்கம் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. பஞ்சாயத்தார் விஷயத்தைச் சொல்லி ‘மறுப்பு உண்டா?’ என்று மூன்று தரம் கேட்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் ஊரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அங்கே ஒரு பெண் போய் ‘உண்டு’ என்று சொல்லப்போகிறாள். அதுதான் படம்.

பஞ்சநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “என் மூஞ்சி படத்துல வரக்கூடாது.” எனக்குக் காரணம் தெரியும், ஆகவே கேட்கவில்லை.

நூற்று முப்பது பேர் அனுப்பியதில் பன்னிரண்டு பேரை நேரில் கூப்பிட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முதல் ஏழு நிமிடம் நாம் பேச வேண்டும். முன்னோட்டத் துண்டு காட்டுவதும் அதற்குள் அடக்கம். ஆறாவது நிமிடம் ஒரு தரம் மணி அடிப்பார்கள், ஏழில் இரண்டு தரம், அதோடு நிறுத்திவிடுவார்கள். மீதி எட்டு நிமிடம் அவர்கள் கேட்பார்கள். நான் நாலு பேர் முன்னால் நின்றால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். பேச வேண்டியவர் பஞ்சநாதன்தான்.

கடையில் பத்து நாள் ஒத்திகை. நான் கடிகாரம் பிடித்தேன். முதல் நாள் நாற்பத்தோரு நிமிடம். சோழர் காலத்து வரலாற்றிலிருந்து தொடங்கினார். நான் வெட்டினேன். கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிப் பழகியவன் நான். இரண்டரை நிமிடம் துண்டு, நாலரை நிமிடம் பேச்சு. துண்டு எதைக் காட்டுகிறதோ அதை வாயால் சொல்லக் கூடாது. யாருடைய கதை, எடுக்கும்போது என்ன நடக்கப்போகிறது, ஏன் இப்போதே எடுக்க வேண்டும், கூட்டத்தில் அம்சம் தோற்றால் படம் என்னாகும், எங்கே திரையிடுவோம். இவ்வளவுதான். ஒன்பதாம் நாள் ஆறு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்துவிட்டு, தரையில் படுத்துவிட்டார்.

“முப்பது வருசம் பேசுனேன் பாய். இப்பத்தான் கஷ்டப்பட்டு பேசறேன்.”

சென்னைக்குப் போனோம். ஒரு கலாச்சார மையத்தின் சின்ன அரங்கம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், நிறைய படங்களைத் தொகுத்தவர். ஒரு பக்கம் தொலைக்காட்சிக்காரர், மறுபக்கம் அறக்கட்டளையின் இளம் அதிகாரி. எங்கள் முறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையிலிருந்து ஏழு பேரைக் கேட்டு அவர்களும் களைத்திருந்தார்கள்.

பஞ்சநாதன் மைக்கைப் பார்த்தார். அவ்வளவுதான், பத்து நாள் ஒத்திகையும் போயிற்று. “கலையுலகுக்குப் பெருந்தொண்டாற்றி வரும் நடுவர் குழுத் தலைவர் அம்மையார் அவர்களே, ஊடகத்துறையின் விடிவெள்ளியாய்...” மூன்று பேருக்கும் சொன்னார். மணி அடிக்க உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சொன்னார். விளக்கு போடுகிறவருக்கும் ஒரு ‘அவர்களே’. ஒரு நிமிடம் பத்து விநாடி போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் முன்னோட்டத் துண்டை ஓடவிட்டேன். அரங்கம் இருண்டது.

அம்சம் இருட்டோடு வேனுக்கு நிற்பது, ஐஸில் விரல்கள், முள்கம்பிக்கு அந்தப்பக்கம் புருஷன், இந்தப்பக்கம் சாப்பாட்டுத் தூக்கோடு இவள். அவள் குரல்: “அதோ அந்த மோட்டார் கொட்டாய் இருக்குல்ல, அங்கதான் எங்க அம்மாவும் நானும் நெத்திலி கொட்டுவோம்.” விளக்கு வந்தபோது பஞ்சநாதன் மேடைக் குரலை விட்டிருந்தார். டீக்கடையில் பேசுகிற மாதிரி பேசினார்.

“இந்தம்மா சித்திரையில ஊர்க்கூட்டத்துக்குப் போறாங்க. அங்க பொம்பளைங்க போறதில்ல. ‘மறுப்பு உண்டா’ன்னு மூணு தரம் கேப்பாங்க. மூணாவது தரத்துக்குள்ள இவங்க சொல்லணும். சொல்ல விடுவாங்களா, தெரியாது. திடல் திரும்பக் கெடைக்குமா, அதுவும் தெரியாது. கெடைக்கலைன்னா, கேட்ட மறுநாள் இவங்க எந்த வேன்ல வேலைக்குப் போவாங்கங்கறதோட படம் முடியும். கெடைச்சா, பதினஞ்சு வருசம் உப்புத்தண்ணி ஓடுன மணல்ல முதல் கூடை மீனைக் கொட்டறதோட முடியும். ரெண்டுல எது நடந்தாலும் எடுத்தே ஆகணும். இந்தச் சித்திரை போனா அடுத்த கூட்டம் பதினஞ்சு வருசம் கழிச்சுத்தான். அப்ப இவங்களுக்கு அறுபத்தஞ்சு வயசு.” எங்கே காட்டுவோம் என்பதையும் சொல்லிவிட்டார். முதலில் ஊரில், மாரியம்மன் கோயில் சுவரில் வேட்டி கட்டி. அப்புறம் மேற்கே, குட்டைத் தண்ணீர் இறங்கி வயல் உப்பாகிப்போன விவசாயிகள் நடுவில். அப்புறம்தான் மற்ற இடம். ஏழாவது நிமிடத்து மணி இரண்டு தரம் அடித்தபோது முடித்திருந்தார்.

தொலைக்காட்சிக்காரர் கேட்டார். “இன்னொரு சுனாமிப் படமா சார் இது?”

“இல்லைங்க. சுனாமி வர்றதுக்குப் பத்து வருசம் முன்னாடியே எங்க திடல் போயிடுச்சு. சுனாமியில தண்ணி திரும்பிப் போச்சு. இது போகல.”

அதிகாரி செலவைப் பற்றிக் கேட்டார். அதற்கு நான்தான் பதில் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அப்புறம் நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாரையும் கேக்கற கேள்விதான். இந்தப் படத்த நீங்க எதுக்கு எடுக்கணும்?”

“நான் அந்த ஊர்க்காரனுங்க.”

“அந்த ஊர்ல ஐநூறு குடும்பம்னு எழுதியிருக்கீங்க. ஐநூறு பேரும் ஊர்க்காரங்கதான். தொண்ணூத்து மூணுல தீர்மானம் போட்டப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

இது தயாரித்து வைத்த கேள்வி இல்லை. ஒத்திகையில் நான் கேட்கவுமில்லை, கேட்கக் கூடாது என்றே விட்டுவைத்தேன். ‘கடலுக்குப் போயிருந்தேன்’ என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? முப்பது வருடம் மேடையில் பேசியவருக்கு அது ஒரு விநாடி வேலை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்தார்.

“மேடையிலங்க. கம்பெனிக்காரங்க கட்சியில கேட்டாங்க, கட்சி என்னைய அனுப்புச்சு. ஒன்றரை மணி நேரம் பேசுனேன். அந்நியச் செலாவணின்னேன். வீட்டுக்கு ஒரு வேலைன்னேன். கடல நம்பி இனிமே சாவ வேண்டாம்னேன். அதுக்கு முந்துன நாள் வரைக்கும் ஊர்ல பாதி ஆம்பளைங்க முடியாதுன்னவங்க. நான் பேசி முடிச்ச பெறகு மூணு தரம் கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“பொம்பளைங்க?”

“அவங்கள யாரும் கேக்கல. திடல் அவங்களோடது. நான் மீன் காய வச்சதே இல்லைங்க.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, அந்தக் கூட்டத்தின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நான்தான் எடுத்தேன், கட்சி கூலி கொடுத்தது. பழைய கேசட், கொஞ்சம் பூஞ்சை பிடித்திருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு சொன்ன மனிதரின் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. “இருக்குங்க” என்றேன்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். தேர்ந்தெடுத்த மூன்றில் எங்களுடையதும் ஒன்று. நான் பஞ்சநாதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கடிதத்தைப் படித்தோம். மேடையில் பேசியே ஊரின் திடலைக் கொடுக்க வைத்தவரின் கதையாகப் படம் மாற வேண்டும், பழைய கேசட் அதன் நடுவில் வர வேண்டும், அம்சம் அதில் ஒரு பகுதி. மாற்றி எழுதிய கதையோடு, அதற்கு அம்சத்தின் புதிய சம்மதக் கடிதமும் பத்து நாளில் வந்து சேர வேண்டும். முன்பு அவள் கையெழுத்திட்டது வேறு படத்துக்கு. அவர்கள் கேட்டது நியாயம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று ராத்திரியே ஊருக்குப் பஸ் ஏறினோம்.

மறுநாள் அம்சத்தின் வீட்டுக்குப் போனோம். அவள் வேலை முடிந்து வந்து, விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பஞ்சநாதன் எல்லாவற்றையும் சொன்னார், கேள்வியையும், தான் சொன்ன பதிலையும், கடிதத்தையும். கடிதம் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதியை மட்டும் சொல்லவில்லை.

“படம் என்னையப் பத்தின்னு சொன்னியேண்ணே,” என்றாள் அம்சம்.

“ஆமா. இப்ப மாத்திக் கேக்கறாங்க.”

“நான் கூட்டத்துக்குப் போறது?”

“அதுவும் வரும். கொஞ்சமா.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். “அன்னைக்கி எங்கள கேக்காம பேசுன. இப்ப மெட்ராசுல போயும் என்னைய கேக்காமதான் பேசியிருக்க. நான் யோசிக்கணும்ண்ணே.”

“யோசி. எத்தன நாள் வேணும்னாலும் யோசி.”

வாசலுக்கு வந்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “என்னண்ணே இது? இருபதாம் தேதிக்குள்ள கடிதம் போகணும். நாளச் சொல்ல வேண்டாமா? நீங்க உக்காந்து அரை மணி நேரம் பேசுனா அம்சம் கையெழுத்துப் போடும். உங்க வாய்க்கு அது ஒரு வேலையா?”

“அது ஒரு வேலையில்லதான்,” என்றார் பஞ்சநாதன். “அதனாலதான் பேச மாட்டேங்கறேன். நாளச் சொன்னா அதுவும் நெருக்குறதுதான். நீங்களும் சொல்லாதீங்க பாய்.”

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு என்னையே கேட்டால், கோபத்தில் என்றுதான் சொல்வேன். போகட்டும், எல்லாம் போகட்டும் என்று இருந்துவிட்டேன். மாற்றி எழுதிய கதையை மட்டும் தயாராக வைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் பஞ்சநாதன் கடைக்கு வருவார். நான் அவரைப் பார்ப்பேன். இன்னும் இல்லை என்று தலையை ஆட்டுவார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்திரண்டாம் தேதி சென்னையிலிருந்து போன் வந்தது, அந்த இளம் அதிகாரிதான். வருத்தத்தோடுதான் பேசினார். வரிசையில் அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

இருபத்தைந்தாம் தேதி அம்சமே என் கடைக்கு வந்தாள். பஞ்சநாதனும் இருந்தார். வேனை விட்டு நேராக வந்திருக்கிறாள், புடவையில் இறால் வாடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஷெட்டுல நம்ம ஊருப் பொம்பளைங்க பதினோரு பேரு இருக்கோம். ஒவ்வொருத்தியா கேட்டேன். ரெண்டு பேரு வேற ஷிப்டு, அவளுகள புடிக்கத்தான் இத்தன நாளாச்சு. எல்லாரும் சரின்னுட்டாளுக. அண்ணன் பேசுனதப் போடுங்க. ஊரு பாக்கட்டும். அதுக்கப்புறம் நாங்க பதினோரு பேரும் கூட்டத்துக்குப் போறோம், அதையும் போடுங்க. எங்க கையெழுத்துப் போடணும் பாய்?”

நான் மேசை டிராயரைத் திறந்தேன், மூடினேன். பஞ்சநாதன்தான் சொன்னார்.

“நாள் தாண்டிடுச்சு அம்சம். இருபதாம் தேதியோட முடிஞ்சுபோச்சு. வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.”

“இருபதா? இருபதுன்னு நீ சொல்லவே இல்லியேண்ணே.”

“சொல்லல. சொன்னா ஒன்னைய அவசரப்படுத்துன மாதிரி ஆயிடும்னு...”

“சொல்லியிருந்தா அந்த ரெண்டு பேரு வீட்டுக்கு ராவோட ராவா போய்க் கேட்டிருப்பேனே. முடியுமா முடியாதான்னு நான்ல பாத்துக்கணும்?” அம்சத்தின் குரல் உயரவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த களைப்பு மட்டும் அதில் இருந்தது. “அப்ப இதையும் நீயே முடிவு பண்ணிட்ட.”

பஞ்சநாதன் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்சம் இறங்கி நடந்தாள்.